விரைவில் என்று எழுத மாட்டேன்

நாற்பத்தேழு வயதும் மூன்று மாதமும் ஆனபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு நாற்பதுக்கு, அவள் முதன்முதலாக இரண்டு கால்களையும் ஒரே நேரத்தில் தரையிலிருந்து எடுத்தாள். எண்ணி ஏழு நொடி. எட்டாவது நொடியில் சைக்கிளோடு மைதானத்து வேலியில் போய்ச் சொருகிக்கொண்டாள். முழங்கை சிராய்த்தது, முட்டியில் துணி கிழிந்தது. வீட்டுக்கு வந்ததும் கணவர் மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, "இந்த வயசுல விழுந்தா எலும்பு ஒட்டாது, தெரியும்ல?" என்றார்.

"ஏழு நொடி விழாம இருந்தேன். அதைக் கேளுங்க" என்றாள் அவள்.

இப்போது அவளுக்கு நாற்பத்தொன்பது. வேலைக்கு சைக்கிளில்தான் போகிறாள். வேலை, ஓர் அச்சகத்தில் பிழை திருத்துவது. திருமண அழைப்பிதழ், திறப்பு விழா அட்டை, இரங்கல் சீட்டு, பள்ளி மலர் என்று அந்தக் கடையின் படியிறங்கும் எந்தத் தாளும் அவள் கண்ணுக்குத் தப்பிப் போவதில்லை. அதனால் தெருவில் அவளுக்குப் பெயர் புரூஃப் அக்கா. அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அவளுடைய சொந்தப் பெயர் சம்பளப் பதிவேட்டில் மட்டும் உயிரோடிருக்கிறது.

இருபத்திரண்டு வருட வேலையில் ஒரே ஒரு முறை தவறவிட்டாள். திருமண அழைப்பிதழ் ஒன்றில் தேதி பதினான்கு, கிழமை வெள்ளி. பதினான்கு அந்த மாதம் சனிக்கிழமை. தேதியை நம்பியவர்கள் சனிக்கிழமை வந்தார்கள். கிழமையை நம்பியவர்கள் ஒரு நாள் முன்னாலேயே பட்டும் பரிசுமாக வந்து, பூட்டிய மண்டபத்தின் வாசலில் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து எந்தத் தேதியைப் பார்த்தாலும் எழுந்துபோய், சுவரில் தொங்கும் நாட்காட்டியில் அந்தக் கட்டத்தின் மேல் விரலை வைத்துப் பார்த்தபின்தான் கையெழுத்துப் போடுவாள். விரல் பட்டுப் பட்டு அந்த நாட்காட்டியில் ஞாயிறும் வெள்ளியும் அழுக்காகக் கிடக்கும்.

சைக்கிள் கற்றுக்கொடுத்தவர் டீச்சர். பெண்கள் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர், அறுபத்தாறு வயது, கழுத்தில் இன்னும் விசில். மாதத்தில் இரண்டாவது ஞாயிறு, காலை ஆறிலிருந்து எட்டுவரை, அறக்கட்டளைக்குச் சொந்தமான மைதானத்தில் பெரிய பெண்களுக்கு சைக்கிள் பழக்குவார். முறை எளிது. முதலில் பெடல்களைக் கழற்றிவிடுவார். இடது பெடலின் மரை மட்டும் தலைகீழாகச் சுற்றும், அது தெரியாமல் ஸ்பேனரைப் போட்டு மல்லுக்கட்டுபவர்களைப் பார்த்து ஒவ்வொரு மாதமும் சிரிப்பார். இருக்கையை இறக்கி, இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் படும்படி வைப்பார். பெடல் இல்லாத சைக்கிளை நடந்து தள்ளி, தாவித் தள்ளி, கடைசியில் கால் தூக்கி மிதக்கவிட வேண்டும். சமநிலை வந்தபின்தான் பெடல். யாரும் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடுவது கிடையாது. பிடித்தால் பிடிப்பவரின் இடுப்புதான் பழகும் என்பார் டீச்சர்.

யாரும் பிடிக்காமல் பத்து நொடி போனால் அவள் கற்றுக்கொண்டவள். பக்கத்திலிருப்பவர்கள் சத்தமாகப் பத்துவரை எண்ணுவார்கள். கணக்கு அதுதான்.

இந்த நிகழ்வுக்கு இணையத்தில் ஒரு பக்கம் உண்டு. இரண்டாயிரத்து முந்நூறு பேர் பின்தொடர்கிறார்கள். ஆரம்பத்தில் டீச்சரே படம் போட்டு, கீழே கேப்ஷனும் எழுதினார். தான் வேலியில் சொருகிய அன்று போட்ட கேப்ஷனைப் படித்த புரூஃப் அக்கா, அதில் ஏழு பிழைகளைச் சிவப்பில் வட்டமிட்டு, படமெடுத்து டீச்சருக்கே அனுப்பினாள். "அவ்வளவு அக்கறைன்னா நீயே எழுதேன்" என்று பதில் வந்தது. அப்படித்தான் அந்த வேலை அவள் தலையில் விழுந்தது. மழையில் நடக்காத மாதங்கள் போக, இதுவரை பதினேழு கேப்ஷன்.

அதற்கும் அவள் ஒரு முறை வைத்திருக்கிறாள். கூட்டம் முடிந்த மறுநாள் மாலைக்குள் போட்டுவிட வேண்டும். அதற்குப் பிறகு என்றால், கூட்டத்துக்கு வந்தவர்களுக்கே சுவாரசியம் ஆறிவிடும். கேப்ஷனில் முதல் இரண்டு வரிதான் கண்ணில் படும், மீதி 'மேலும்' என்ற சொல்லுக்குப் பின்னால் மடங்கிக் கிடக்கும். பாதிப் பேர் அதைத் தொடுவதேயில்லை. ஆகவே அடுத்த தேதி முதல் வரி. அதன் பிறகு நடந்தது, எண்களோடு. அதன் பிறகு நன்றி, யாருக்கு எதற்கு என்று தெளிவாக. 'அனைவருக்கும் நன்றி' என்று எழுதினால் ஒருவருக்கும் சொல்லாததற்குச் சமம் என்பது அவள் கட்சி. சைக்கிளின் கைப்பிடியில் மஞ்சள் நாடா கட்டியவர்கள் படம் வேண்டாம் என்று சொன்னவர்கள். அவர்கள் முதுகுகூட வரக் கூடாது. இன்னொன்று, அவளுடைய சொந்தப் பெருமை. கேப்ஷனைப் போட்டபின் மாற்றினால் 'திருத்தப்பட்டது' என்று ஒரு சின்ன எழுத்து பக்கத்தில் வந்து உட்காரும். பதினேழில் ஒன்றில்கூட அது கிடையாது. பிழை திருத்துபவளின் எழுத்தில் திருத்தமா?

அக்டோபர் பன்னிரண்டு, ஞாயிறு, அவள் கேப்ஷன் எழுதும் பதினெட்டாவது கூட்டம். முப்பத்தெட்டுப் பேர் வந்தார்கள், சைக்கிள் பதினொன்று. அறக்கட்டளைச் செயலாளர் வந்து கொடியசைத்தார், நான்கு நிமிடம் பேசினார், ஒரு சைக்கிளைப் பிடித்தபடி படம் எடுத்துக்கொண்டு போனார். வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல், யாருக்கும் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லாத மனிதர்.

அன்றைய நாயகி தையல்காரம்மா. ஐம்பத்திரண்டு வயது, பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே கடை. மூன்றாவது மாதமாக வருகிறார். முதல் மாதம் சைக்கிளைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். இரண்டாவது மாதம் மிதந்தார். இந்த முறை பெடல் மாட்டி ஏற்றிவிட்டதும், "முப்பது வருஷமா மிதிக்கிறேன், ஓரடி நகர்ந்ததில்ல. இன்னைக்காவது போகுதான்னு பாப்போம்" என்று சொல்லிவிட்டு அழுத்தினார். கோல் கம்பத்திலிருந்து தண்ணீர்த் தொட்டிவரை போனார். பத்து எண்ணி முடித்தும் போய்க்கொண்டே இருந்தார், நிறுத்தத் தெரியாததால். தொட்டி நிறுத்தியது.

இறங்கியதும் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அடுத்து எப்போ? திரும்புறதுக்கும் நிறுத்துறதுக்கும் கத்துக்கணும். நடுவுல விட்டா கால் மறந்துடும்மா."

"நவம்பர் ஒம்பது" என்றாள் புரூஃப் அக்கா. நாட்காட்டி இல்லாமலேயே சொன்னாள். முந்தைய நாளே விரல் வைத்துப் பார்த்திருந்தாள்.

மறுநாள் திங்கள், மதியம் ஒரு மணி. அச்சகத்தில் இயந்திரம் நின்றிருந்தது, ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். மையும் மண்ணெண்ணெயும் கலந்த வாசனையில், பாதி வெட்டிய அழைப்பிதழ் கட்டுகளுக்கு நடுவே சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, அவள் கேப்ஷனைக் கையால் தாளில் எழுதிக்கொண்டிருந்தாள். தாளில் எழுதி, சிவப்பில் திருத்தி, அப்புறம்தான் தொலைபேசியில் தட்டுவாள். அப்போது டீச்சர் வந்தார். விசில் இல்லாமல் வந்தார். அதைப் பார்த்ததுமே ஏதோ சரியில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

செயலாளர் காலையில் கூப்பிட்டாராம். பதினைந்து நிமிடம் நிகழ்வைப் பாராட்டினாராம். பதினாறாவது நிமிடத்தில் மூன்று சின்ன விஷயம் சொன்னாராம். முதல் படமாகத் தன் படம் இருக்கட்டும். அறக்கட்டளையின் பக்கத்திலும் இது வர வேண்டும், அதற்குக் கூட்டுப் பதிவாகப் போட்டு அழைப்பு அனுப்புங்கள். மூன்றாவது, அடுத்த தேதி போட வேண்டாம், கடைசி வரியில் 'அடுத்த நிகழ்வு விரைவில் அறிவிக்கப்படும்' என்று முடியுங்கள்.

"ஏன்?" என்றாள் அவள்.

டீச்சர் அழைப்பிதழ்க் கட்டு ஒன்றை நேராக அடுக்கினார். அதில் நேர்செய்ய ஒன்றுமே இல்லை. கால்பந்துப் பயிற்சி நடத்தும் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை காலையை மொத்தமாகக் கேட்கிறார் என்று வெளியில் பேச்சு. செயலாளர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. 'கொஞ்சம் பொறுங்க, பாத்துக்கலாம்' என்று மட்டும் சொன்னாராம்.

"மைதானம் இல்லைன்னு சொன்னாரா?"

"அப்படிச் சொல்லல."

"இருக்குன்னு சொன்னாரா?"

"அப்படியும் சொல்லல. அவர் எப்ப எதைச் சொல்லியிருக்கார்?"

புரூஃப் அக்கா சாப்பாட்டுப் பெட்டியை மூடினாள். தொலைபேசியில் அறக்கட்டளையின் பக்கத்தைத் திறந்து கீழே கீழே தள்ளிக்கொண்டே போனாள். குழந்தைகளுக்கான ஓவிய வகுப்பு, கைகூப்பிய படம், அடுத்தது விரைவில். இரண்டே கால் வருடம் ஆகிறது. முதியோர் இறகுப்பந்து, பொன்னாடை போர்த்திய படம், அடுத்தது விரைவில். மூன்று வருடம். வாசிப்பு வட்டம், குழுப்படம், விரைவில். காதுகேளாதோர் சதுரங்கம், கோப்பையோடு படம், விரைவில். ஒவ்வொன்றையும் டீச்சரின் முகத்துக்கு முன் நீட்டி, அந்தச் சொல்லின்மேல் விரலை வைத்தாள். நாட்காட்டிக் கட்டத்தின்மேல் வைப்பதைப் போல.

"இது வரிசையா நாலு கல்லறை டீச்சர். அஞ்சாவதை என் கையால தோண்டச் சொல்றார்."

டீச்சருக்கு உள்ளே வலித்தது, ஆனால் அவர் நடைமுறை தெரிந்தவர். செயலாளரைப் பகைத்துக்கொண்டு எங்கே போவது, பதினொரு சைக்கிளையும் எங்கே நிறுத்துவது, இந்த ஒரு முறை அவர் சொன்னபடி போட்டுவிட்டு நேரில் போய்ப் பேசிப் பார்க்கலாமே என்று சுற்றிச் சுற்றி வந்தார். அவள் கேட்டுக்கொண்டாள். செயலாளர் படம் முதலில் வர வேண்டுமா, வரட்டும், கொடியசைத்தது உண்மைதானே. கூட்டுப் பதிவா, தாராளமாக. மூன்றாவதைத்தான் அவள் விழுங்க மறுத்தாள்.

"இல்லைன்னு சொல்லணும்னா அவரே சொல்லட்டும். அவருக்குச் சொல்ல வாய் வரலைங்கிறதுக்காக என் வாயைக் கடன் கேட்டா எப்படி? நேத்து தையல்காரம்மா என்கிட்ட தேதி கேட்டாங்க. நான் சொல்லியிருக்கேன். இன்னைக்கு விரைவில்னு போட்டா நேத்து நான் சொன்னது பொய்."

"அவர் கோவிச்சுக்கிட்டா?"

"கோவத்தை எழுதிக் கொடுக்கட்டும்."

அதைச் சொன்னபோதுதான் அவளுக்கே அது நினைவுக்கு வந்தது. மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு கோப்பை எடுத்தாள். ஜனவரியில் அறக்கட்டளைக்குக் கொடுத்த விண்ணப்பம், அவளே எழுதியது. 'டிசம்பர் முடிய, ஒவ்வொரு மாதமும் இரண்டாம் ஞாயிறு, காலை ஆறு முதல் எட்டு வரை.' கீழே பச்சை மையில், 'அனுமதிக்கப்படுகிறது', செயலாளரின் கையெழுத்து, முத்திரை.

அச்சகத்தில் ஒரு விதி உண்டு. வாடிக்கையாளர் புரூஃபைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டால் அதுதான் முடிவு. பிறகு தொலைபேசியில் கூப்பிட்டு 'அந்த வரியை மட்டும் கொஞ்சம்' என்றால் கேட்க மாட்டார்கள். மாற்ற வேண்டும் என்றால் அந்தத் தாளிலேயே எழுதி, மறுபடியும் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் நாளைக்குப் பிழை யாருடையது என்று தெரியாது. அந்த விதியைக் கொண்டுவந்தவளே அவள்தான், பதினான்காம் தேதி வெள்ளிக்கிழமைக்குப் பிறகு.

டீச்சர் அந்தப் பச்சைக் கையெழுத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு எழுந்தார். "நான் இன்னைக்கு இங்க வரல. நீ என்ன எழுதினியோ நான் பாக்கல" என்றார். வாசல்வரை போய்த் திரும்பி, "ஒற்று எழுத்தைப் பாத்துப் போடு" என்றார். ஏழு பிழைக்காரர் சொன்ன அறிவுரை அது.

ஒன்று ஐம்பதுக்குப் பதிவு வெளியானது. முதல் படம் செயலாளர், சைக்கிளோடு. இரண்டாவது படம் தண்ணீர்த் தொட்டியை நோக்கிப் போகும் தையல்காரம்மா, அவர் சம்மதத்தோடு. கீழே இப்படி இருந்தது:

'அடுத்தது நவம்பர் 9, ஞாயிறு, காலை 6 மணி, இதே மைதானம்.

நேற்று, அக்டோபர் 12, முப்பத்தெட்டுப் பெண்கள் வந்தார்கள். ஒன்பது பேர் யாரும் பிடிக்காமல் முதன்முதலாக சைக்கிள் ஓட்டினார்கள். மூத்தவருக்கு 71, இளையவருக்கு 19. முப்பது வருடம் தையல் இயந்திரம் மிதித்தவர் நேற்று கோல் கம்பத்திலிருந்து தண்ணீர்த் தொட்டிவரை மிதித்தார். வேலி இரண்டு முறை தாக்கப்பட்டது. வேலிக்குச் சேதமில்லை.

டிசம்பர்வரை எல்லா இரண்டாம் ஞாயிறும் மைதானம் தந்திருக்கும் அறக்கட்டளைக்கும், கொடியசைத்த செயலாளருக்கும் நன்றி. பதினொரு சைக்கிளுக்கும் விடியற்காலையில் காற்றடித்த பஞ்சர் கடைக்காரருக்கு நன்றி. பஞ்சும் கட்டுத்துணியும் கொண்டுவந்து, பெரும்பாலும் திரும்ப எடுத்துப்போன மருந்துக்கடைப் பெண்ணுக்கு நன்றி. முன்பு கற்றுக்கொண்டு இப்போது கற்றுக்கொடுக்க வந்த ஆறு பேருக்கு நன்றி.

சைக்கிள் இல்லாதவர்களும் வரலாம். பதிவுக்கான இணைப்பு பக்கத்தின் மேலே.'

பதிவோடு அறக்கட்டளையின் பக்கத்துக்குக் கூட்டு அழைப்பும் போயிற்று. அவர்கள் ஏற்றால்தான் அங்கே தெரியும். ஏற்பார்கள் என்று அவள் நினைக்கவில்லை. இரண்டு ஐந்துக்கு ஏற்றுக்கொண்டார்கள். 'அடுத்தது நவம்பர் 9' என்ற வரி, நான்கு கல்லறைகளுக்கு மேலே, செயலாளரின் சிரித்த படத்துக்குக் கீழே, அவருடைய பக்கத்திலேயே போய் உட்கார்ந்தது.

நான்கு மணிக்குள், 'வருகிறேன்', 'நானும்' என்று நாற்பதுக்கு மேல் பதில். நாலரைக்கு அச்சக முதலாளி அவள் மேசைக்கு வந்தார். அவளைவிட எட்டு வயது இளையவர், அப்பாவிடமிருந்து கடையையும் அவளையும் சேர்த்தே பெற்றவர். கையில் தொலைபேசி, முகத்தில் சங்கடம்.

"அக்கா, அறக்கட்டளைல இருந்து சார் பேசினார். அவங்க ஆண்டு மலர் நம்மகிட்டதான் வருது, தெரியும்ல? ஒரே ஒரு வார்த்தைதானாம். மாத்திட்டா முடிஞ்சுதுன்னு சொல்றார்."

"மாத்தலாம் தம்பி. ஒரு நிமிஷம்" என்று அவள் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். பழைய விண்ணப்பத்தின் நகலை அதன்மேல் வைத்து, இரண்டையும் சேர்த்துக் குத்தினாள். "இதுல அவர் கையெழுத்துப் போட்ட புரூஃப் இருக்கு. நவம்பர் ஒம்பது மைதானம் கிடையாதுன்னு இந்தத் தாள்ல எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்லுங்க. வந்த அடுத்த நிமிஷம் கேப்ஷனை மாத்துறேன். அவர் கடிதத்தையும் படமாப் போட்டு, தெளிவா சொன்னதுக்கு நன்றியும் எழுதறேன்."

முதலாளி தாளைப் பார்த்தார். "அவர் எழுத மாட்டார்க்கா."

"எனக்கும் தெரியும்."

"அப்ப நான் என்ன சொல்ல?"

"நம்ம கடை வழக்கத்தைச் சொல்லுங்க. வாய் வார்த்தைக்குத் திருத்தம் போடறதில்லன்னு. மண்டபத்து வாசல்ல நின்னவங்கள அவருக்கும் தெரியும். அவரும் வெள்ளிக்கிழமைதான் வந்தார்."

முதலாளிக்கு உதடு துடித்தது. சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது. தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கதவுக்குப் பின்னால் அவர் பேசுவது கேட்டது. ஆமா சார், இல்ல சார், எங்க கடை வழக்கம் சார். கொஞ்ச நேரத்தில் தாளை உறையில் போட்டு அறக்கட்டளை அலுவலகத்துக்கு அனுப்பினார். ஆண்டு மலர் வேறு கடைக்குப் போனால் போகட்டும் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் அவளிடம் மறுபடி வரவும் இல்லை.

அன்று மாலை கணவர் அந்தப் பதிவை இரண்டு முறை படித்தார். வேலி தாக்கப்பட்ட வரியில் நின்று, "இதுல ரெண்டு வருஷத்துக்கு முந்தின தாக்குதலையும் சேக்கணும்" என்றார். வேலை போனால் என்ன செய்வாய் என்று கேட்கத்தான் அவர் வாயெடுத்தார் என்பது அவளுக்குத் தெரியும். கேட்காமல் விட்டதை அவள் கணக்கில் வைத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை உறை திரும்பி வரவில்லை. புதனும் வரவில்லை. வியாழக்கிழமை மதியம் அச்சகத்துக்கு ஒரு பெண் வந்தாள். முப்பத்துநான்கு வயது, கைப்பையைக் கட்டிப்பிடித்தபடி வாசலிலேயே நின்றாள். அறக்கட்டளை அலுவலகத்தில் கணக்கர். மைதானத்துக் கேட்டைத் திறந்து மூடுவதும், பக்கத்தைப் பார்த்துக்கொள்வதும் அவள் தலையில்தான். இரண்டாவது ஞாயிறுதோறும் ஐந்தே முக்காலுக்குப் பூட்டைத் திறந்துவிட்டு, எட்டு மணிவரை கேட்டோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பாள். கேட்டைப் பார்க்கிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

கூட்டு அழைப்பை ஏற்றவள் அவள்தான். செயலாளர் கூட்டுப் பதிவு வரும், வந்ததும் ஏற்றுக்கொள் என்று சொல்லியிருந்தார். வந்தது, ஏற்றேன் என்றாள். முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் சொன்னாள். தேதியைப் படித்துவிட்டுத்தான் ஏற்றாயா என்று அக்கா கேட்கவில்லை.

"சார் என்னைக் கூப்பிட்டு மாத்துன்னார்க்கா. கேப்ஷனை அவங்கதான் மாத்த முடியும், நாம நம்ம பக்கத்துல இருந்து விலகத்தான் முடியும்னு சொன்னேன். அப்ப விலகுன்னார். ஏன் விலகினோம்னு எழுபது பேர் கேப்பாங்க, என்ன பதில் போடறதுன்னு எழுதிக் குடுங்க சார்னேன்."

"எழுதினாரா?"

"பேனாவைத் திறந்தார். மூடினார். பாத்துக்கலாம்னுட்டார்."

அந்தச் சொல்லை இருவரும் ஒரே நேரத்தில் ரசித்தார்கள். பாத்துக்கலாம் என்பது இந்த முறை அவர்கள் பக்கம் வந்து நின்றிருந்தது. கால்பந்துக்காரருக்கும் அதே பதில்தான் போயிருக்கிறது என்றாள் கணக்கர். அந்த ஆள் வேறு மைதானம் தேடுகிறாராம். ஆனால் ஜனவரி என்ன ஆகும் என்று தெரியாது. அனுமதி டிசம்பரோடு முடிகிறது.

"ஜனவரிக்கு டிசம்பர் முதல் வாரமே விண்ணப்பம் வரும். ரெண்டு நகல்" என்றாள் புரூஃப் அக்கா.

கணக்கர் போகவில்லை. மேசை ஓரத்தில் கிடந்த மஞ்சள் நாடாச் சுருளை எடுத்து விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

"அக்கா, ஒரு பிழை இருக்கு."

இருபத்திரண்டு வருடத்தில் அந்தச் சொல்லுக்கு அவள் உடம்பு ஒரேமாதிரிதான் நடந்துகொண்டிருக்கிறது. கண் தானாக நாட்காட்டிக்குப் போனது. ஒன்பது, ஞாயிறு. சரியாகத்தானே இருக்கிறது.

"தேதி இல்லக்கா. ஒம்பது பேர்னு போட்டிருக்கீங்க. பத்து."

எல்லோரும் போனபின் சைக்கிள்களை அறைக்குள் தள்ளும்போது, மூன்று மாதமாக, ஒன்றை மட்டும் கடைசியில் தள்ளுகிறாளாம். தள்ளுகிற சாக்கில் தாவித் தாவி மிதப்பாளாம். அந்த ஞாயிறு, மறந்து வைத்த கண்ணாடியை எடுக்க தையல்காரம்மா திரும்பி வந்தபோது, இவள் பெடல் மாட்டிய சைக்கிளில் கேட்டுக்கு முன்னால் வட்டமடித்துக்கொண்டிருந்தாள். தையல்காரம்மா ஒன்றும் கேட்காமல், நின்ற இடத்திலேயே பத்துவரை எண்ணினாராம். இவள் பிரேக் பிடித்து நின்றதும், "நீ எனக்கு முன்னாடி நிறுத்தக் கத்துக்கிட்டியே" என்றாராம்.

"பேரு வேண்டாம்க்கா. படமும் வேண்டாம். எண்ணு மட்டும்."

புரூஃப் அக்கா தொலைபேசியை எடுத்து, தையல்காரம்மாவிடம் கேட்டாள். சாட்சி இல்லாமல் எண்ணை மாற்ற அவளால் முடியாது. "பத்து எண்ணினேன், பன்னெண்டு வரைக்கும்கூட எண்ணியிருப்பேன்" என்று வந்தது பதில். பின்னணியில் இயந்திரம் ஓடும் சத்தம்.

பிறகு அவள் கேப்ஷனைத் திறந்தாள். அறக்கட்டளைச் செயலாளர் கேட்டும் மாற்றாத கேப்ஷன். ஒரு சொல்லை அழித்து ஒரு சொல்லைப் போட்டாள். ஒன்பது பேர், பத்துப் பேரானது. மேலே, தேதிக்குப் பக்கத்தில், சின்ன எழுத்தில் 'திருத்தப்பட்டது' என்று வந்து உட்கார்ந்தது. பதினெட்டில் முதல் முறை. அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அசிங்கமாகத்தான் இருந்தது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

இப்போதைக்கு நவம்பர் ஒன்பதுக்குப் பதிவு செய்திருப்பவர்கள் அறுபத்துநான்கு பேர். சைக்கிள் பதினொன்றுதான் என்பதால் இரண்டு அணியாக, ஆறு மணிக்கும் ஏழு மணிக்கும். கேட் ஐந்தே முக்காலுக்குத் திறக்கும். சாவி கணக்கரின் கைப்பையில் இருக்கிறது.